சிரியர்கள் வெள்ளையர் ஆன கதை

1913-ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஃபெடரல் நீதிபதி ஹென்றி ஸ்மித் முன்னால் ஃபாரஸ் ஷாஹித் என்ற 59 வயதுக்காரர் குடியுரிமை கேட்டு நின்றார். பிறந்த ஊர் ஜஹ்லே. இன்றைக்கு அது லெபனானில் இருக்கிறது; அப்போது துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த சிரியாவைச் சேர்ந்தது. நீதிபதி அவரை உற்றுப் பார்த்து, தீர்ப்பிலேயே அவருடைய தோல் நிறத்தை எழுதி வைத்தார். ஏறக்குறைய அக்ரூட் கொட்டையின் நிறமாம். வெள்ளை ஒரு பாதி, கறுப்பு ஒரு பாதியாகப் பிறந்த கலப்பினத்தவரைவிடச் சற்று அதிகக் கறுப்பாம். மனு தள்ளுபடி ஆனது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில் வாழ்ந்த ஜார்ஜ் டௌ என்ற இன்னொரு சிரியர், அதே நீதிபதியிடம் தோற்றுவிட்டு மேல்முறையீட்டில் ஜெயித்தார். சிரியர்கள் வெள்ளையர்கள்தான் என்றது மேல் நீதிமன்றம். இந்த இரண்டு ஆண்டுகளில் சிரியர்கள் யாரும் வெளுத்துவிடவில்லை. ‘வெள்ளையர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான் மாறியிருந்தது.

இப்படி ஒரு கேள்வி கோர்ட்டுக்கு வந்ததே 1790-ல் போட்ட ஒரு சட்டத்தால்தான். வெளிநாட்டில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் ஆக வேண்டுமென்றால் அவர் ‘சுதந்திரமான வெள்ளையராக’ இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், 1870-ல் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களையும் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக வாசல் இரண்டு: வெள்ளையர், ஆப்பிரிக்கர். நடுவில் இருந்த ஆசியாவுக்கு வாசல் இல்லை. 1878-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சீனர் மனுப் போட்டபோது, சீனர் வெள்ளையர் அல்லர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் தொடங்கி, இந்த இன நிபந்தனை சட்டத்திலிருந்து நீங்கிய 1952 வரை, ‘நான் எந்த இனம்’ என்பதை மட்டுமே வைத்து நடந்து, தீர்ப்புத் தொகுப்புகளில் ஏறிய வழக்குகள் 52. அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மனுதாரர் தட்டியது வெள்ளையர் வாசலைத்தான். ஆப்பிரிக்கர் வாசலும் சட்டப்படி திறந்தே இருந்தது. ஆனால் அந்த வழியாக உள்ளே போனால் அமெரிக்காவில் எப்படி வாழ வேண்டியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பொதுவாக ஐரிஷ்காரர்களையும் இத்தாலியர்களையும்தான் முதலில் இழுப்பார்கள். அவர்களும் ஒரு காலத்தில் ‘வேறு இனம்’ என்று இழிவுபடுத்தப்பட்டவர்கள்தான். 1891-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. 1911-ல் அமெரிக்க அரசின் குடியேற்றக் குழு வெளியிட்ட இன அகராதியில் வட இத்தாலியர் ஓர் இனம், தென் இத்தாலியர் வேறோர் இனம். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் இத்தாலியர் குடியுரிமை கேட்டால், ‘நீ வெள்ளையனா?’ என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. தெருவில் அவர் மட்டமான வெள்ளையர். சட்டத்தில் வெறும் வெள்ளையர். சட்டத்திலேயே இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊசலாடியவர்கள் சிரியர்களும் அர்மீனியர்களும் நம் இந்தியர்களும். ஒரு கூட்டம் எப்படி வெள்ளையாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க இவர்கள் வழக்குகள்தான் நல்ல இடம். எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

லெபனான் மலைப்பகுதியிலிருந்து 1880-களில் சிரியர்கள் அமெரிக்காவுக்கு வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஊசி, நூல், சீப்பு, ஜெபமாலை என்று மூட்டை கட்டி ஊர் ஊராகப் போய் விற்றவர்கள் பலர். கொஞ்சம் காசு சேர்ந்ததும் கடை போட்டார்கள். ஆரம்பத்தில் இவர்களுக்குக் குடியுரிமை கிடைப்பதில் பெரிய தொல்லை இல்லை. உள்ளூர் நீதிமன்ற குமாஸ்தா மனுவை வாங்குவார், நீதிபதி கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். 1906-ல் குடியுரிமை வழங்குவதை மேற்பார்வையிட வாஷிங்டனில் தனி அலுவலகம் வந்தது. அப்புறம்தான் ஆய்வாளர்கள் மனுக்களைப் புரட்டி, ‘இவர் ஆசியாவில் பிறந்தவர் ஆயிற்றே’ என்று ஆட்சேபம் எழுப்பத் தொடங்கினார்கள்.

1909-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் ஷிஷிம் என்ற சிரியரின் மனு சிக்கலில் மாட்டியது. அவர் போலீஸ்காரர். ஊரில் தப்புச் செய்பவரைப் பிடித்து உள்ளே போடுகிற ஆளுக்குக் குடிமகனாகத் தகுதி உண்டா என்று கேள்வி. நான் மங்கோலியன், அதாவது ஆசிய இனத்தவன், என்றால் ஏசுவும் மங்கோலியன்தான், இருவரும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள் என்று அவர் கோர்ட்டில் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் ஜெயித்தார். சிரியர்கள் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்ட வாதம் இது.

அதே ஆண்டு அட்லாண்டாவில் கோஸ்டா நஜூர் என்ற சிரியரின் வழக்கில் நீதிபதி நியூமன் வேறு பாதையில் போனார். தோல் நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றார். ஏ.எச். கீன் என்ற மானுடவியலாளர் எழுதிய புத்தகத்தைக் கையில் எடுத்தார். உலக மக்களை நான்கு பிரிவாகப் பிரித்திருந்த கீன், சிரியர்களைத் தயங்காமல் ‘காக்கேசியன்’ பிரிவில் வைத்திருந்தார். காக்கேசியன் என்றால் வெள்ளையர். ஆக நஜூர் வெள்ளையர். இந்தக் கீன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 14 ஆண்டு கழித்து இன்னொரு வழக்கில் இதே ஆள் வேறு விதமாகத் திரும்பி வருவார்.

தென் கரோலினாவின் ஸ்மித் இந்த ‘காக்கேசியன்’ கதையை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய தீர்ப்பு மனத்தாங்கலைத் தந்தாலும், தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் புளூமென்பாக், ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருத்தியின் மண்டையோடு அழகாக இருந்தது என்று மெச்சி, ஐரோப்பியர், மேற்கு ஆசியர், வட ஆப்பிரிக்கர் எல்லாருக்கும் ஜார்ஜியாவை ஒட்டிய காக்கசஸ் மலையின் பெயரைச் சூட்டிவிட்டார். அந்தப் பெயரை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்வது அர்த்தமற்றது என்பது ஸ்மித்தின் கட்சி. 1790-ல் சட்டம் எழுதியவர்கள் ‘வெள்ளையர்’ என்றால் யாரை நினைத்திருப்பார்கள்? ஐரோப்பாவில் வாழ்பவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும்தான். சிரியா ஐரோப்பாவில் இல்லை. முடிந்தது. ஏசுவைத் தன் தீர்ப்பு வெளியே தள்ளுகிறதே என்ற வாதம் டௌ வழக்கில் அவர் முன் வந்தபோதும் அவர் அசையவில்லை. அது வெறும் உணர்ச்சிப் பேச்சு, தர்க்கம் இல்லை என்று எழுதிவிட்டார்.

சிரியர்கள் இதைத் தனி ஆளின் பிரச்சினையாக விடவில்லை. சங்கம் கூட்டிப் பணம் திரட்டினார்கள். டௌ மறு விசாரணை கேட்டார். ஸ்மித்திடமே 1914-ல் இரண்டாம் முறையும் தோற்றார். அடுத்து மேல்முறையீட்டு நீதிமன்றம்.

அங்கே நீதிபதி உட்ஸ் 1915-ல் எழுதிய தீர்ப்பு ஒரு கெட்டிக்காரத்தனமான சுற்றுவழி. 1790-ல் சொன்னவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதே முக்கியமில்லை என்றார் அவர். ஏனென்றால் 1870-களில் சட்டங்களையெல்லாம் தொகுத்து அச்சிட்டபோது ‘வெள்ளையர்’ என்ற சொல் தவறுதலாக விடுபட்டுப் போனது. 1875-ல் நாடாளுமன்றம் அதைக் கவனித்துத் திரும்பச் சேர்த்தது. ஆக அந்தச் சொல்லின் வயதை 1875-லிருந்துதான் எண்ண வேண்டும். 1875-ல் படித்தவர்கள் மத்தியில் புளூமென்பாக்கின் பாகுபாடு பரவியிருந்தது. சிரியர்களையும் வெள்ளையரில் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டிருந்தது. அரசின் குடியேற்றக் குழுவே சிரியர்களைக் காக்கேசியரின் செமிட்டிக் கிளை என்று எழுதியிருக்கிறது. அதனால் டௌ வெள்ளையர். அச்சுப் பிழை ஒன்றைத் திருத்திய தேதி, ஒரு சமூகத்தின் இனத்தைத் தீர்மானித்துவிட்டது.

சரி, சிரியர்கள் இந்த வாதத்தில் ஜெயித்தார்கள் என்றால் அதே வாதத்தில் மற்றவர்களும் ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் கதை திருகிக்கொள்கிறது.

1922 நவம்பரில் டக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 20 ஆண்டு வாழ்ந்தவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், வீட்டில் பேசுவதுகூட ஆங்கிலம். நிறத்தை வைத்துப் பார்த்தால் பல ஐரோப்பியர்களைவிட ஜப்பானியர் வெளுப்பு என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் மறுத்தார். நிறம் கணக்கில்லை, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர். ஜப்பானியர் காக்கேசியர் அல்லர்.

இதைப் படித்துவிட்டு இந்தியர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். புத்தகங்கள்தான் அவர்களைக் காக்கேசியர் என்றனவே. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் வழக்கு அதே சதர்லண்டிடம் வந்தது. பஞ்சாபில் பிறந்த சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு சேவை செய்தவர். அவருக்கு ஒரிகன் மாநிலத்தில் ஃபெடரல் நீதிபதி வோல்வர்ட்டன் 1920-ல் குடியுரிமை கொடுத்திருந்தார். அரசு அதை எதிர்த்து மேலே போனது. இந்தத் தடவை சதர்லண்ட், காக்கேசியன் என்பது அறிஞர்களின் சொல், சட்டம் சாதாரண மனிதனின் பேச்சில் எழுதப்பட்டது என்று தட்டை மாற்றிப் போட்டார். திந்த்தை வெள்ளையர் என்று எந்தச் சாதாரண அமெரிக்கனும் சொல்லமாட்டான். உதாரணத்துக்கு யாரை இழுத்தார் தெரியுமா? கீனைத்தான். கீனின் பட்டியலில் ‘இந்துக்கள்’ என்று அன்று அமெரிக்கர்கள் அழைத்த இந்தியர்கள், பாலினேசியரில் சிலர், ஆப்பிரிக்காவின் ஹாமிட்டியர் எல்லாரும் காக்கேசியராக இருக்கிறார்கள்; தன் இனத்தில் இத்தனை வகை ஆட்கள் இருப்பதை அறிந்தால் சராசரி வெள்ளை அமெரிக்கன் ஆச்சரியப்படுவான் என்றார். நஜூரை உள்ளே விட்ட அதே பட்டியல், திந்த்தை வெளியே தள்ள நகைப்புக்கான சான்றாகிவிட்டது.

தமிழ் வாசகர்கள் அந்தத் தீர்ப்பின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். திந்த்தின் வழக்கறிஞர்கள் அவர் உயர்சாதி, கலப்பில்லாத ஆரியர் என்று வாதாடினார்கள். அமெரிக்கன் நீக்ரோவைத் திருமண விஷயத்தில் எப்படிப் பார்க்கிறானோ, அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கிறான் என்றுகூட எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு சதர்லண்ட் எழுதிய பதிலில் நாம் வருகிறோம்: ஆரியப் படையெடுப்பாளர் கறுத்த தோல் திராவிடரோடு கலந்துவிட்டார்கள், சாதி விதிகளால் அதை முழுக்கத் தடுக்க முடியவில்லை, பஞ்சாபிலும் ரத்தம் ஓரளவு கலந்ததுதான். வெள்ளையாக வேண்டி சாதியைச் சான்றாக நீட்டியவரை, சாதி சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய தீர்ப்பு அது.

அதே தீர்ப்பில் இத்தாலியர்களுக்கும் ஒரு வரி உண்டு. தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த கருவிழி, மாநிறக் குடியேறிகளை ஏற்கெனவே இங்கிருந்தவர்கள் சந்தேகமில்லாமல் உறவாக ஏற்றுக்கொண்டார்கள் என்கிறார் சதர்லண்ட். அடுத்த ஆண்டே, 1924-ல், நாடாளுமன்றம் அந்த ‘உறவுக்காரர்களின்’ வருகையை வெட்டிச் சாய்த்தது. ஆண்டுக்கு 3,845 இத்தாலியர்கள்தான் வரலாம் என்று அளவு வைத்தார்கள். உள்ளே இருப்பவர் வெள்ளையர், வாசலில் நிற்பவர் வேண்டாதவர்.

திந்த் தீர்ப்பின் அடி பலமானது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களிடமிருந்து ஏற்கெனவே கொடுத்த குடியுரிமையைப் பிடுங்கினார்கள். கலிஃபோர்னியாவில் 1913 முதலே, குடியுரிமைக்குத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்க முடியாது என்று சட்டம் இருந்தது. ‘வெள்ளையன் இல்லை’ என்று கோர்ட் சொன்னால் வாக்கு மட்டுமல்ல, வயலும் கைவிட்டுப் போகும். சான்ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமையையும் சொத்தையும் இழந்து 1928-ல் தற்கொலை செய்துகொண்டார்.

இந்தியர்களுக்குப் பிறகு அரசு அர்மீனியர்கள் மேல் பாய்ந்தது. ஒரிகனின் போர்ட்லண்ட் நகரில் கம்பளம் விற்ற டாட்டோஸ் கார்டோஸியனின் குடியுரிமையை ரத்து செய்யச் சொல்லி வழக்கு. விசாரித்தவர் திந்த்துக்குக் குடியுரிமை கொடுத்த அதே வோல்வர்ட்டன். உச்ச நீதிமன்றம் ‘சாதாரண மனிதனின் பேச்சு’ என்று சொல்லிவிட்டதால் இப்போது மண்டையோட்டுக் கணக்கு மட்டும் போதாது. மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் சாட்சி சொன்னார். ஆனால் கூடவே வேறு வகைச் சான்றுகளும் குவிந்தன. அர்மீனியர்கள் அமெரிக்கரோடு கல்யாணம் செய்கிறார்களா? எந்தச் சர்ச்சுக்குப் போகிறார்கள்? எந்த மன்றத்தில் உறுப்பினர்? அக்கம்பக்கத்தார் எப்படிப் பழகுகிறார்கள்? அறிவியல் கேள்வி போய்ச் சம்பந்தம் பேசும் கேள்வி வந்துவிட்டது. 1925-ல் கார்டோஸியன் ஜெயித்தார்.

நான் இந்தத் தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது தோன்றியது இதுதான்: நிறம், அறிவியல், சாதாரண மனிதன், பூகோளம் என்று நீதிபதிகளின் கையில் நாலு அளவுகோல் இருந்தன, எதை எடுப்பது என்பது அளவெடுப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. மதம் அந்த முடிவில் பெரிய பங்கு வகித்தது. 1942-ல் மிச்சிகனில் அகமது ஹசன் என்ற ஏமன் நாட்டு முஸ்லிமின் மனுவைத் தள்ளிய நீதிபதி, முஸ்லிம் உலகுக்கும் கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கும் இடையில் பெரிய பிளவு இருக்கிறது, இவர்கள் நம்மோடு சம்பந்தம் செய்யப் போவதில்லை என்றே எழுதினார். சிரியக் கிறிஸ்தவரும் ஏமன் முஸ்லிமும் பேசுவது ஒரே அரபு மொழி. 1944-ல் மாசசூசெட்ஸில் மொஹம்மது மொஹ்ரியஸ் என்ற அரபு முஸ்லிமுக்கு இன்னொரு நீதிபதி அனுமதி கொடுத்தார்; கிரேக்க அறிவை ஐரோப்பாவுக்குச் சுமந்து தந்தவர்கள் அரபுகள்தானே என்றார். இடையில் மாறியது என்ன? நாஜிகளோடு போர் நடந்துகொண்டிருந்தது. இனத்தின் பெயரால் ஆட்களைத் தள்ளுவது அமெரிக்காவுக்கே அசிங்கமாகிவிட்டது. நேச நாடுகளின் நட்பும் வேண்டியிருந்தது.

கோர்ட்டில் ஜெயித்த சிரியர் தெருவிலும் ஜெயித்தாரா? 1929-ல் ஃபுளோரிடாவின் லேக் சிட்டியில் ரோமி என்ற சிரிய மளிகைக் கடைக்காரரை, போலீஸோடு நடந்த தகராறுக்குப் பிறகு, ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றது. அவர் மனைவி போலீஸின் துப்பாக்கிக்குப் பலியானார். டௌ தீர்ப்பு வந்து 14 ஆண்டு ஆகியிருந்தது. இதைவிட எனக்கு உறைத்தது, சிரியப் பத்திரிகை ஒன்றில் வந்த ஆவேசம்: சிரியன் என்ன நீக்ரோவா, தென்மாநிலத்தார் கொல்வதற்கு? கொன்றது தவறு என்பதைவிட, ஆளை மாற்றிக் கொன்றுவிட்டார்கள் என்பதுதான் புகார். வெள்ளையர் ஆவதற்கு எத்தனை வழக்கு போட்டாலும், கறுப்பர்களிடமிருந்து தள்ளி நிற்பது அந்தக் கட்டணத்தின் பகுதியாகவே இருந்தது.

1952-ல் குடியுரிமைச் சட்டத்திலிருந்து இன நிபந்தனை நீங்கியது. 1977-ல் அரசு புள்ளிவிவரங்களுக்கான இன வகைகளை வகுத்தபோது, ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு மூன்றில் ஏதாவது ஒன்றைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் ‘வெள்ளையர்’ என்று எழுதினார்கள். ஹசனின் ஏமனும் இப்போது வெள்ளை. இந்தியர்கள் எதிர்த்திசையில் நகர்ந்தார்கள். 1970 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியர்களை வெள்ளையரில் சேர்த்திருந்தார்கள். அது வேண்டாம் என்று இந்தியச் சங்கமே மனுப் போட்டது. அதற்குள் சிவில் உரிமைச் சட்டங்கள் வந்திருந்தன. பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு சிறுபான்மையினருக்குக் கிடைத்தது. 1980 கணக்கெடுப்பில் ‘ஏசியன் இந்தியன்’ என்ற தனிக்கட்டம் வந்தது. அங்கிருக்கும் நம் உறவுக்காரர்கள் இன்றைக்கும் டிக் அடிப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

அரபுகளுக்கு வெள்ளை என்ற பெயரே 1980-களில் ஒரு கண்ணியாகிவிட்டது. இராக்கில் பிறந்த ஒரு பேராசிரியர், தன் இனத்தால் வேலை நிரந்தரம் மறுக்கப்பட்டது என்று 1866-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். அவர் காக்கேசியர், அதனால் இனப்பாகுபாடு எப்படி வரும் என்றது எதிர்த்தரப்பு. 1987-ல் உச்ச நீதிமன்றம் பழைய அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் புரட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் அரபு, யூதர், இத்தாலியர், ஸ்வீடன்காரர், ஜெர்மானியர் எல்லாருமே தனித்தனி இனம் என்றுதான் அவற்றில் இருந்தது. ஆக அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அரபுகள் வேறு இனம், வழக்கு நடக்கலாம் என்றது. எழுதிய நீதிபதியின் பெயர் பைரன் ஒயிட். டௌவின் காலத்தில் சிரியர்கள் 1875-ன் பொருளைக் காட்டி உள்ளே வந்தார்கள். இந்தப் பேராசிரியர் 1866-ன் பொருளைக் காட்டி வெளியே நின்று பாதுகாப்புப் பெற்றார்.

2020 கணக்கெடுப்பில் 35 லட்சம் பேர் தங்கள் பூர்வீகம் மத்தியக் கிழக்கு அல்லது வட ஆப்பிரிக்கா என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தில் அவர்களுக்கென்று தனிக்கட்டம் இல்லை; ‘வெள்ளையர்’ கட்டத்துக்குக் கீழேதான் லெபனானியர், எகிப்தியர் என்று உதாரணம் போட்டிருந்தது. தனிக்கட்டம் வேண்டும் என்று அரபு அமெரிக்கர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். 2024 மார்ச்சில் அரசு விதியைத் திருத்தி, மத்தியக் கிழக்கு–வட ஆப்பிரிக்கா என்று ஒரு புது வகையை ஏற்படுத்தியது. அதன்படி, ஷாஹித் பிறந்த ஜஹ்லேயைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் இனி ‘வெள்ளையர்’ கட்டத்தில் வரமாட்டார்கள்.